நிலையற்ற சோதனைகள்: திருத்துவதா, ஒதுக்குவதா, நீக்குவதா?

நிரலில் ஒரு வரியும் மாறாதபோதே ஒருமுறை வெற்றியும் இன்னொரு முறை தோல்வியும் காட்டும் தானியங்குச் சோதனை நிலையற்ற சோதனை எனப்படும். அலுவலகப் பேச்சில் இதை ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ என்பார்கள். 2016இல் கூகுள் வெளியிட்ட கணக்கின்படி, அங்கு நடக்கும் சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 விழுக்காடு இவ்வகை முடிவைத் தந்தது. சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஓரளவாவது இந்தக் குணம் இருந்தது.

1.5 விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நூறில் ஒருமுறை தவறும் சோதனைகள் ஒரு திட்டத்தில் 50 இருந்தால், மொத்த ஓட்டங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிவப்பாகவே முடியும். அதன்பின் சிவப்பைப் பார்த்ததும் யாரும் காரணம் தேடுவதில்லை. ‘மறுபடி ஓட்டு’ பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இதைத் தடுக்க, பெரிய திறமூலத் திட்டங்கள் ஒவ்வொரு நிலையற்ற சோதனையையும் ஒரு தனிப் பணியாகப் பதிவு செய்கின்றன. மொசில்லாவில் இவை பக்சில்லாவில் `intermittent-failure` என்ற குறிச்சொல்லுடன் பதிவாகின்றன. எத்தனை முறை தவறியது என்ற கணக்கும் அந்தப் பதிவிலேயே சேர்ந்துகொண்டு வருகிறது. குபெர்னெட்டிசில் இதற்கென `kind/flake` என்ற அடையாளச்சீட்டு உள்ளது. இந்தப் பதிவின் உண்மையான பயன், சிதறிக் கிடக்கும் தோல்விகளை ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டுவதுதான். ஒற்றைத் தோல்வியில் தெரியாத காரணம் ஆறு தோல்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நூம்பலில் இருந்து வேலை செய்யும் ஒரு சிறு குழு, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கான பில் மென்பொருளை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைகளில் இரவு ஷிப்டு உண்டு; ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் சரக்கு ஏறும், பில் போடப்படும். பில் தேதியைச் சரிபார்க்கும் சோதனை ஒரு மாதத்தில் 90 முறை ஓடி, 6 முறை தவறுகிறது. ஒவ்வொரு முறையும் காலையில் யாராவது மறுபடி ஓட்டிப் பச்சையாக்கிவிடுகிறார்கள்.

பணிப்பதிவில் ஒவ்வொரு தோல்விக்கும் நேரம், கமிட் எண், ஓடிய கணினி, பிழைச் செய்தியின் முழு வரி ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். ஆறு நேரங்களும் சர்வர் பதிவில் 18:52, 19:40, 21:05 என்பதுபோல் இருக்கின்றன. பார்த்தால் மாலை நேரம்போலத் தோன்றும். ஆனால் சர்வர் காட்டுவது ஒருங்கிணைந்த உலக நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பது. கூட்டிப் பார்த்தால் ஆறு தோல்விகளும் நள்ளிரவு 12 மணிக்கும் அதிகாலை 5:30க்கும் இடையே விழுகின்றன. பிழைச் செய்தியிலும் எதிர்பார்த்த தேதிக்கும் கிடைத்த தேதிக்கும் சரியாக ஒருநாள்தான் வேறுபாடு. நிரலில் இருந்த வரி இது:

```js
bill.date = new Date().toISOString().slice(0, 10);
```

`toISOString` எப்போதும் உலக நேரத்தையே தரும். நம் ஊரில் நாள் மாறிய பிறகும் ஐந்தரை மணிநேரத்துக்கு அது நேற்றைய தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும். சோதனை இந்திய நேரத்தை எதிர்பார்க்கிறது, அதுவே சரி. தவறு மென்பொருளில் இருக்கிறது.

இந்த இடத்தில் சோதனையை நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாதாரண நாளில் பில்லில் ஒருநாள் பிசகும், அவ்வளவுதான். மாத முதல் தேதி இரவில் போட்ட பில் முந்தைய மாத ஜிஎஸ்டி கணக்கில் போய் உட்காரும். ஏப்ரல் 1 அதிகாலையில் போட்ட பில்லோ மார்ச் 31 என்று அச்சாகி, முடிந்துபோன நிதியாண்டுக்குள் நுழைந்துவிடும். பில் எண் வரிசை நிதியாண்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் எண்ணும் தவறாகிவிடும். கணக்கருக்கு இதைக் கண்டுபிடிக்கவே சில நாள் பிடிக்கும்.

இது அபூர்வமான நிலை அன்று. 2014இல் 51 அப்பாச்சி திட்டங்களின் 201 திருத்தங்களை ஆராய்ந்த ஆய்வொன்றில், 24 விழுக்காடு திருத்தங்கள் சோதனையை மட்டுமன்றி அது சோதிக்கும் நிரலையும் தொட்டன; அவற்றில் 94 விழுக்காடு நிரலில் இருந்த உண்மையான பிழையைச் சரிசெய்தவை. எனவே காரணம் தெரியும்வரை ‘சோதனைதான் சரியில்லை’ என்ற முடிவுக்கு வரக் கூடாது.

திருத்தும்போது நிரலில் நேர மண்டலத்தை `Asia/Kolkata` என்று குறிப்பதோடு, சோதனையில் கடிகாரத்தையும் நிறுத்திவைக்க வேண்டும்:

```js
jest.useFakeTimers();
jest.setSystemTime(new Date('2025-03-31T19:30:00Z'));
expect(createBill(items).date).toBe('2025-04-01');
```

அந்த நேரம் நமக்கு ஏப்ரல் 1 அதிகாலை ஒரு மணி. இச்சோதனை பழைய நிரலில் எந்த நேரத்தில் ஓட்டினாலும் தவறும், புதிய நிரலில் எந்த நேரத்திலும் தேறும். காரணத்தைச் சரியாகப் பிடித்ததற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

‘நூறுமுறை ஓட்டினேன், ஒருமுறைகூடத் தவறவில்லை’ என்ற வாதம் இங்கே செல்லாது. பகலில் ஆயிரம் முறை ஓட்டினாலும் பழைய சோதனை தேறியிருக்கும். கால இடைவெளி, திரிகளின் போட்டி போன்ற தற்செயல் காரணங்களுக்கு மட்டுமே திரும்பத் திரும்ப ஓட்டுவது உதவும். அங்கும் கணக்கு உண்டு: நூறில் இரண்டுமுறை தவறும் சோதனை சரியாகிவிட்டது என்று ஓரளவு நம்பவே, ஏறத்தாழ 150 ஓட்டங்கள் தொடர்ந்து தேற வேண்டும்.

எல்லாவற்றையும் உடனே திருத்த முடியாது. காரணம் இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். அல்லது வெளியார் குறுஞ்செய்திச் சேவையின் சோதனைத் தளம் அவ்வப்போது பதில் தராமல் போகலாம். அப்போது சோதனையைத் தனிமைப்படுத்துவது சரி. ஆனால் `test.skip` போடுவது தனிமைப்படுத்தல் ஆகாது, அது வெறும் மூடிவைத்தல். ஓடாத சோதனை எந்தத் தடயத்தையும் தராது. சோதனையைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, வெளியீட்டைத் தடுக்காத தனி ஓட்டமாக ஓட்ட வேண்டும்:

```
npx jest --testPathIgnorePatterns quarantine
npx jest quarantine
```

முதல் கட்டளை வெளியீட்டுக்கு முன் ஓடுவது. இரண்டாவது இரவுதோறும் ஓடி, முடிவைப் பணிப்பதிவில் சேர்ப்பது. பதிவில் பொறுப்பாளரின் பெயரும் இறுதித் தேதியும் இல்லாவிட்டால் அந்தக் கோப்புறை வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிடும். போட்டது போட்டபடியே கிடக்கும். மார்ட்டின் ஃபவுலர் 2011இல் எழுதிய கட்டுரையில், ஒதுக்கிய சோதனைகளுக்கு எட்டு என்பதுபோல ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டு, அதை எட்டியதும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் வழியைச் சொல்கிறார். சிறு குழுவுக்கு எட்டே அதிகம் என்பது என் எண்ணம், மூன்று போதும்.

நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, அந்தச் சோதனை காக்கும் நடத்தையை வேறு ஏதாவது காக்கிறதா என்பதை. பில் தொகையைச் சரிபார்க்க உலாவியைத் திறந்து, ஆறு திரைகளைக் கடந்து, ஐந்து நொடி காத்திருந்து படிக்கும் சோதனை அடிக்கடி தவறுகிறது. அதே கூட்டலை உலாவி இல்லாமல் சரிபார்க்கும் சோதனையும் இருக்கிறது. அப்படியானால் முதலாவதை நீக்கலாம். நீக்குவதற்கு முன் நிரலில் வரி விகிதத்தை வேண்டுமென்றே 18இலிருந்து 12 ஆக மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனை சிவப்பானால், முதலாவதைத் தயங்காமல் எடுத்துவிட்டு, காரணத்தைக் கமிட் செய்தியில் எழுதிப் பணியை மூடலாம். அதுவும் பச்சையாகவே இருந்தால், தவறிக்கொண்டிருந்த சோதனை ஒன்றுதான் அந்தத் தொகைக்கு இருந்த ஒரே காவல்.