பந்திப்பூர் கேட் ஒன்பதுக்கு மூடும்

பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்ததும் காரில் ஊட்டிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊட்டிக்கு வெளியே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஹோம்ஸ்டேயில் அறை எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டார்: "பகல் 2 மணியிலிருந்து வரலாம். லேட்டானால் சொல்லுங்க." கனிவான செய்திதான். ஆனால் இதை நம்பிக் கிளம்புகிறவர்கள் நடு ரோட்டில் நிற்க நேரிடலாம்.

காரணம், வழியில் இருக்கும் காடு. மைசூர், குண்டல்பேட்டை தாண்டினால் பந்திப்பூர் புலிகள் காப்பகம். 2009 முதல் அந்தச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும்தான் விலக்கு. பெங்களூரிலிருந்து குண்டல்பேட்டை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வெள்ளி மாலை நெரிசலோடு நாலரை மணி நேரம் பிடிக்கும். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஐந்துக்குக் கிளம்பினால் கேட் மூடி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அன்று இரவு குண்டல்பேட்டையில்தான் படுக்க வேண்டும்.

எட்டே முக்காலுக்குக் கேட்டைத் தாண்டிவிட்டால்கூட, தெப்பக்காடு, கூடலூர் வழியாக மலையேறி ஊட்டி வர இரண்டரை மணி நேரமாவது ஆகும். வாசலில் கார் நிற்கும்போது மணி பதினொன்றேகால். இந்தக் கணக்கை வெளியூர்க்காரர் போட மாட்டார். வீட்டுக்காரர்தான் அவருக்காகப் போட்டுச் செய்தியில் எழுத வேண்டும். "லேட்டானால் சொல்லுங்க" என்பது அந்த வேலையைச் செய்யாது.

நேரத்தைத் தெளிவாகச் சொல்லும் செய்தி இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். உங்க ரூம் 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகல் 2 மணிக்கு ரெடி. ராத்திரி 8 மணிக்குள்ள வந்தா நாங்களே வாசல்ல இருப்போம். 8-லேர்ந்து 11-க்குள்ள வர்றதா இருந்தா சாயங்காலம் 6 மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல எடுத்து வெச்சிடறோம். 11-க்கு மேல ஆனா சாவி, கேட்டுக்கு வலது பக்கம் நம்பர் பூட்டு போட்ட பெட்டியில இருக்கும். மைசூர் வழியா வந்தா பந்திப்பூர் கேட் 9 மணிக்கு மூடிடும், அப்புறம் காலையில 6 மணிக்குத்தான் திறப்பாங்க. இ-பாஸ் எடுத்துட்டு வாங்க."

இ-பாஸைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. இரவில் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, சிக்னல் வராத போனில் பதிவு செய்வது பெரிய பாடு.

பகல் 2 மணிக்கு முன்னால் ஏன் வரக்கூடாது என்று கேட்பவர்களும் உண்டு. முந்தின விருந்தாளி 11 மணிக்குத்தான் அறையைக் காலி செய்வார். மீதமிருக்கும் மூன்று மணி நேரத்தில் அறையைக் கழுவித் துடைத்து, படுக்கை மாற்ற வேண்டும். மலை மூட்டத்தில் போர்வை சீக்கிரம் காயாது என்பது அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

நள்ளிரவு வருகையில் அதிகம் தகராறு வருவது தேதியில்தான். ஒருவர் "சனிக்கிழமை ராத்திரி 1 மணிக்கு வந்துடுவோம்" என்கிறார். அவர் மனதில் இருப்பது வெள்ளி இரவு விடிகிற நேரம். காலண்டர்படி அது சனி. சனிக்கிழமைக்கு அறை பதிவு செய்தால் அது அன்று பகல் 2 மணிக்குத்தான் அவருடையது. அதற்கு 13 மணி நேரம் முன்னால் வந்து நின்றால், அறையில் வேறு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் அனுபவம் உள்ளவர்கள், "வெள்ளி ராத்திரி படுத்து சனி காலையில எழுந்திருப்பீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். ஆமாம் என்றால் வெள்ளி இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுவார்கள்.

பிறகு, கடைசி ஒரு கிலோமீட்டர். கூகுள் மேப் சில சமயம் தோட்டத்துக்குள் ஜீப் மட்டுமே போகும் மண் பாதையில் கொண்டுபோய்விடும். பகலில் எடுத்த கேட் படம் இருட்டில் உதவாது. வாசல் விளக்கைப் போட்டு, ராத்திரியில் எடுத்த படத்தைத்தான் அனுப்ப வேண்டும். பாதையில் காட்டு மாடு நின்றால் ஹாரன் அடிக்காமல், கீழே இறங்காமல், அது விலகும்வரை காரிலேயே இருக்கச் சொல்லியும் எழுத வேண்டும்.

சாவிப் பெட்டியின் எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிடக் கூடாது. வருகிறவரின் அடையாள அட்டை நகல் கைக்கு வந்த பிறகு, அன்று மாலைதான் கொடுக்க வேண்டும். அவர் கிளம்பியதும் எண்ணை மாற்றிவிட வேண்டும். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. எந்நேரம் வந்தாலும் இதில் சலுகை கிடையாது.

விருந்தாளி செய்ய வேண்டியது ஒன்றுதான். குண்டல்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தும்போதே வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிடுங்கள். காட்டுக்குள் போய்விட்டால் சிக்னலை நம்ப முடியாது.