பறக்கும் கூம்புகளும் பூப்போட்ட கார்களும்

படத்தின் நடுவில் ஒரு கார். அதன் கதவு, கூரை, பானெட் எல்லாவற்றின் மேலும் யாரோ எடுத்த ஏதோ ஒரு புகைப்படம் போர்த்தியிருக்கிறது. காருக்கு அடியில் சாலை கிடையாது. பின்னால் சம்பந்தமே இல்லாத இன்னொரு புகைப்படம். காரைச் சுற்றி அந்தரத்தில் ஒரு மஞ்சள் கூம்பு, ஓர் உருளை, சாய்ந்த மரம். வெளிச்சம் ஒரே நேரத்தில் நான்கு பக்கமிருந்தும் விழுகிறது. இப்படி ஒரு லட்சம் படங்களை என்விடியா நிறுவன ஆய்வாளர்கள் 2018-ல் கணினியிலேயே தயாரித்தார்கள். ஜெர்மனியின் நிஜச் சாலைகளில் கார்களைக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு அவைதான் பாடம்.

இதற்கு ஏன் போக வேண்டும்? கேமரா படத்தில் காரைக் கண்டறியும் நிரலுக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் கார் எங்கே இருக்கிறதென்று சுற்றிப் பெட்டி போட்டுச் சொல்லித்தர வேண்டும். அந்தப் பெட்டிகளை மனிதர்கள்தான் உட்கார்ந்து வரைகிறார்கள். அலுப்பான வேலை, செலவும் கூடுதல், பிழைகளும் வரும். சிமுலேஷனில் இந்தத் தொல்லை இல்லை. காரை வைத்ததே கணினி என்பதால், அது எந்தப் புள்ளியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்கே தெரியும். பெட்டி தானாக விழுந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கணினி வரைந்த உலகத்தில் படித்த நிரல், நிஜக் கேமராவின் முன் தடுமாறும். வரைந்த தார்ச்சாலை சற்று மழமழப்பாக இருக்கும், நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நமக்கு இவை அற்ப விஷயங்கள். நிரலோ, காரை அடையாளம் காண உதவும் எதையும் பிடித்துக்கொள்ளும். மழமழப்பான சாம்பல் தரையின் மேல் கூர்மையான கறுப்புக் கோடு தெரிந்தால் அது கார் என்று கற்றுக்கொண்டு, சிமுலேஷன் தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும்.

உடனே தோன்றும் தீர்வு, படங்களை இன்னும் நிஜம்போலச் செய்வது. 2016-ல் வந்த ‘விர்ச்சுவல் கிட்டி’ அந்த வழியில் போனது. கார்ல்ஸ்ரூ நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் காரில் கேமரா பொருத்தி எடுத்த, ‘கிட்டி’ எனப்படும் நிஜப் படத் தொகுப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து ஐந்து வீடியோக்களை எடுத்து, அதே தெரு, அதே மரங்கள், அதே கார்களைக் கணினியில் மறுபடி கட்டினார்கள். அழகான வேலை. ஆனால் ஒவ்வொரு தெருவையும் கலைஞர்கள் கையால் கட்ட வேண்டும்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். 2017-ல் ஜோஷ் டோபினும் சக ஆய்வாளர்களும் இதை ஒரு மேசையின் மேல் செய்து காட்டினார்கள். மேசையில் இருக்கும் எளிய வடிவப் பொருள்களின் இடத்தைச் சொல்ல வேண்டும். நிறங்களையும் கட்டம்போட்ட வடிவங்களையும் மனம்போனபடி மாற்றி, சாதாரணத் தரத்தில் வரைந்த படங்களால் மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். நிஜக் கேமரா முன் அந்த நிரல் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொன்னது. யோசனை இதுதான்: தரையின் நிறமும் வெளிச்சத்தின் திசையும் காரின் பெயின்ட்டும் படத்துக்குப் படம் மாறினால், அவற்றை நம்பி நிரல் எதையும் கற்க முடியாது. மாறாமல் மிஞ்சுவது காரின் வடிவம் மட்டும். வேறு வழியில்லாமல் அதைப் பிடித்துக்கொள்ளும். நிஜ உலகம் பிறகு அதன் கண்ணுக்கு இன்னொரு விசித்திரமான மாறுதலாக மட்டுமே தெரியும்.

கார் படங்களின் சமையற்குறிப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. இணையத்தில் இறக்கிய 36 முப்பரிமாணக் கார் மாதிரிகள், எல்லாமே செடான், ஹேட்ச்பேக் வகை. அவற்றில் சிலவற்றைக் கணினி ஒவ்வொரு படத்துக்கும் குருட்டாம்போக்கில் பொறுக்குகிறது. எட்டாயிரம் சொச்சம் புகைப்படங்கள் கொண்ட தொகுப்பிலிருந்து ஒன்றை உரித்துக் காரின் மேல் போர்த்துகிறது, இன்னொன்றைப் பின்னணியாக வைக்கிறது. விளக்குகள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை, எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கேமரா காரைச் சுற்றி எந்தத் திசையிலும் நிற்கலாம், ஆனால் உயரக் கோணம் 5 முதல் 30 பாகைக்குள்தான். இந்த ஒரு கட்டுப்பாட்டில் அனுபவம் தெரிகிறது. வண்டியில் பொருத்திய கேமரா ஒருபோதும் காரை நேர் மேலிருந்து பார்க்காது. எதை மாற்றக்கூடாது என்பதும் தீர்மானிக்க வேண்டிய விஷயமே. பறக்கும் கூம்புகளுக்கும் வேலை உண்டு. காரைப் பாதி மறைக்கின்றன, கார் அல்லாத பொருளும் படத்தில் இருக்கும் என்று பழக்குகின்றன.

இந்த இடத்தில், இதே வேலையில் இறங்குபவர்கள் சறுக்கும் ஒரு பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். மரத்துக்குப் பின்னால் முழுதாக மறைந்த காரும் கணினிக்குத் தெரியும். அதற்கும் பெட்டி போட விட்டால், மரத்தைப் பார்த்துக் கார் என்று சொல்ல நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். காரின் எவ்வளவு பகுதி கண்ணுக்குத் தெரிகிறது என்று கணக்கிட்டு, ஓர் அளவுக்குக் கீழே போனால் பெட்டியை நீக்க வேண்டும்.

தேர்வு நிஜக் கிட்டி படங்களில் நடந்தது. நிரல் வரையும் பெட்டியும் உண்மைப் பெட்டியும் சேர்ந்து அடைக்கும் பரப்பில் பாதியாவது பொதுவாக இருந்தால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. காரைத் தவறவிட்டாலும், இல்லாத காரைச் சொன்னாலும் மதிப்பெண் குறையும். ‘ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என்’ என்ற நிரலமைப்பு, அச்சு அசலாகக் கட்டிய விர்ச்சுவல் கிட்டியில் படித்தபோது நூற்றுக்கு 79.7 வாங்கியது. அலங்கோலப் படங்களில் படித்தபோது 78.1. ஏறக்குறைய சமம். சோதித்த மற்ற இரண்டு நிரலமைப்புகளில் அலங்கோலப் படங்களே வென்றன. விர்ச்சுவல் கிட்டி அதே தெருக்களின் நகல் என்பதை நினைத்தால், கார்ல்ஸ்ரூவை எட்டிக்கூடப் பார்க்காத படங்கள் இவ்வளவு தூரம் வந்தது சின்ன விஷயமில்லை.

எனக்கு இதைவிடச் சுவையாகப் பட்டது, எதை நிறுத்தினால் எவ்வளவு சரிகிறது என்று அவர்கள் தனித்தனியே பார்த்த சோதனை. இதற்கு அடிப்படையாக வைத்த மதிப்பெண் 73.7. கார்களின் மேல் புகைப்படம் போர்த்துவதை நிறுத்தினால் 69.0. புகைப்படங்களில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 71.5. விளக்கை ஒரே இடத்தில் நிலையாக வைத்தாலோ 67.6. வெளிச்சம்தான் பெரிய அடி. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. விளக்கு நிலையாக இருந்தால் பளபளப்பும் நிழலும் எப்போதும் ஒரே பக்கம் விழும். நிரலுக்கு வடிவத்தைவிட அதைக் கற்பது சுலபம்.

‘கணினிப் படங்கள் மட்டும் போதும்’ என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விழுங்கிவிடுகிறார்கள். முதலாவது, அந்த நிரல்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. விளிம்பு, வளைவு போன்ற அடிப்படைகளை நிஜப் புகைப்படங்களில் முன்பே படித்திருந்தன. இரண்டாவது, கடைசியில் நிஜக் கிட்டி படங்கள் 6,000 கொண்டு மெருகேற்றியபோது மதிப்பெண் 98.5-க்குத் தாவியது. நிஜப் படங்களை மட்டுமே வைத்துப் படித்தபோது கிடைத்தது 96.4. ஆக, செயற்கைப் படங்கள் நிஜத்துக்கு மாற்றாக நின்றதைவிட, அதற்கு முந்திய பாடமாக நன்றாக நின்றன.

குறைகளும் அதே செய்முறையிலிருந்துதான் வருகின்றன. செடானும் ஹேட்ச்பேக்கும் மட்டும் பார்த்த நிரலிடம் நம் ஊர் ஆட்டோவைக் காட்டினால் அதைக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேற்பரப்பை எத்தனை விதமாக மாற்றினாலும் புது வடிவம் முளைக்காது. இன்னொன்று, கார்கள் அந்தரத்தில் மிதந்தால் கார் சாலையில்தான் இருக்கும் என்ற அறிவு நிரலுக்குக் கிடைக்காது. அருகில் இருக்கும் காருக்கு அது தேவையில்லை. தொலைவில் சில புள்ளிகளாகச் சுருங்கிய காரை, அது நிற்கும் இடத்தை வைத்துத்தான் நாமும் கண்டுகொள்கிறோம். இந்தக் குறையை நீக்க என்விடியா ஆய்வாளர்களே அடுத்து ஒரு மாற்றம் செய்தார்கள். சாலை, தடங்கள், நடைபாதை என்று ஒழுங்கு திரும்பி வந்தது. கார்கள் தடங்களில் நின்றன, வெளிச்சமும் நிறமும் பழையபடி தாறுமாறாகவே மாறின.

பயிற்சி தடம் மாறுவதை எப்படித் தெரிந்துகொள்வது? கையால் பெட்டி போட்ட சில நூறு நிஜப் படங்களைப் பயிற்சியில் கலக்காமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி நடக்க நடக்க, புதிய செயற்கைப் படங்களில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போய், நிஜப் படங்களில் ஓரிடத்தில் நின்று இறங்கத் தொடங்கினால், நிரல் சிமுலேஷனின் பழக்கங்களை மனப்பாடம் செய்கிறது என்று பொருள். அப்போது படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. தவறவிட்ட நிஜப் படங்களை எடுத்துப் பரப்பிப் பார்க்க வேண்டும். எல்லாமே அந்தி வெளிச்சத்தில் எடுத்தவையா, மழையில் நனைந்த சாலையா, எதிர்வெயிலா என்று தெரிந்தால், எதை மாற்றாமல் விட்டோம் என்பதும் தெரிந்துவிடும்.