வைஃபையைத் தடுமாற வைக்கும் ஹார்ட் டிஸ்க்

மடிக்கணினியில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் படங்களைப் பிரதி செய்யத் தொடங்கியதும் வைஃபை தடுமாறுகிறது. வயர் இல்லாத மவுஸ் திரையில் விட்டுவிட்டு நகர்கிறது. இணைய நிறுவனத்துக்கு அழைப்பெடுக்க முன்னர், அந்த டிஸ்க் எந்த போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

யூஎஸ்பி 3.0 இணைப்பில் ஒரு செக்கனுக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. இரண்டு பிட்டுகள் சேர்ந்து ஓர் அலையாவதால், சமிக்ஞையின் துடிப்பு 2.5 கிகாஹேர்ட்ஸ் வரை போகிறது. வைஃபை, புளூடூத், மவுஸின் சிறிய ரிசீவர் ஆகியவை இயங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை அதற்குப் பக்கத்திலேயே உள்ளது. சமிக்ஞையின் சக்தியும் ஒரே புள்ளியில் நில்லாமல் பரந்து கிடக்கிறது. போர்ட், செருகி, கேபிள் ஆகியவற்றின் உலோகக் கவசம் சரியில்லாவிட்டால் அது வானொலி இரைச்சலாக வெளியே கசியும்.

இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், ஹார்ட் டிஸ்க் இணைத்தபோது இந்த அலைவரிசையில் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்ந்ததாகக் காட்டியது. அது சக்தியில் 100 மடங்கு. வைஃபை இயங்கும் அதே அலைவரிசைக்குள் இந்த இரைச்சல் விழுவதால், அதை மட்டும் வடிகட்டி நீக்கவும் முடியாது.

காரணம் இதுதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். வைஃபையை 2.4 கிகாஹேர்ட்ஸில் இணைத்து, விண்டோஸ் கணினியில் இந்தக் கட்டளையை ஓட விடுங்கள். உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருந்தால் அதை இடுங்கள்.

```
ping -t 192.168.1.1
```

டிஸ்க் இல்லாதபோது பதில் பெரும்பாலும் சில மில்லிசெக்கன்களில் வரும். டிஸ்க்கைச் செருகிப் பெரிய கோப்பொன்றைப் பிரதி செய்யுங்கள். நேரம் நூற்றுக்கணக்கில் தாவினாலோ, `Request timed out` என்று வந்தாலோ, டிஸ்க்கை முறைப்படி கழற்றிப் பாருங்கள். பிரதி செய்வதை நிறுத்தினால் மட்டும் போதாது. தரவு ஓடாத வேளையிலும் இணைப்பு சமிக்ஞை அனுப்பலாம். கழற்றியதும் பழைய நேரம் திரும்பினால் சந்தேகம் டிஸ்க் மீதே. இரண்டு மூன்று தடவை செய்து உறுதிப்படுத்துங்கள்.

தீர்வு பெரும்பாலும் தூரத்தில் இருக்கிறது. டிஸ்க்கை மடிக்கணினியின் மறுபக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள். மவுஸ் ரிசீவரை அரை மீற்றர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். டிஸ்க்கின் கேபிள் மலிவானதென்றால் நல்ல கவசமுள்ளதை வாங்கிப் பாருங்கள். வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் இணையம் பெரும்பாலும் சீராகும். ஆனால் அது சுவர்களைத் தாண்டுவது குறைவு; மவுஸுக்கும் புளூடூத்துக்கும் அந்த வழி இல்லை.

டிஸ்க் ரவுட்டரிலேயே செருகப்பட்டிருந்தால் வீட்டின் எல்லாக் கருவிகளும் பாதிக்கப்படலாம். சில ரவுட்டர்களில் அந்த போர்ட்டை யூஎஸ்பி 2.0 ஆக இயக்கும் தெரிவு உண்டு. அப்போது உச்ச வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். டிஸ்க்கிலிருந்து படம் பார்க்க அது போதும். பெரிய கோப்புகளைப் பிரதி செய்யக் கூடுதல் நேரம் எடுக்கும்.