எட்டு டாலருக்கும் தள்ளுபடி

சென்னையில் அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவுப் பணி பார்க்கும் ஒரு புரோகிராமருக்கு நள்ளிரவில் புகார் வந்தது. 50 டாலருக்கு மேல் வாங்கினால்தான் 5 டாலர் தள்ளுபடி. ஆனால் 8 டாலருக்கு வாங்கியவருக்கும் அது கிடைத்திருந்தது.

முதலில் தரவுத்தளத்தைச் சந்தேகித்தார். அங்கே 8 என்றே இருந்தது. பிறகு டிபக்கரில் நிரலை வரி வரியாக ஓட்டிப் பார்த்தார். நிபந்தனை பொய் என்றே வந்தது, ஆனாலும் ஓட்டம் தள்ளுபடி வரிக்குள் நுழைந்தது!

```java
if (total > 50);
{
    total = total - 5;
}
```

முதல் வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஜாவாவில் தனி அரைப்புள்ளியும் ஒரு கட்டளைதான், எதுவுமே செய்யாத கட்டளை. அதோடு `if` முடிந்துவிடுகிறது. கீழே அடைப்புக்குள் இருப்பது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடும்.

அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் கம்பைலர் கத்தித் தீர்த்திருக்கும். கூடுதலாக இருந்ததால் இலக்கணப் பிழை இல்லை, அதனால் வாயே திறக்கவில்லை. அடைப்புக்குப் பின் ஓர் `else` இருந்திருந்தால்கூட அங்கேயே மாட்டியிருக்கும்.

புள்ளியை நீக்கியபின், `-Xlint:empty` என்ற விருப்பத்தையும் கம்பைல் கட்டளையில் சேர்த்தார். அதைக் கொடுத்தால், `if`-ஐ அடுத்து வெற்றுக் கட்டளை வரும்போது ஜாவா கம்பைலர் எச்சரிக்கும். கேட்காவிட்டால் சொல்லாது.