இரண்டில் தொடங்கினால் மூன்றே தாவல்

எண்ணியல் முறைகள் பாடத்தின் நோட்டுகளில், நியூட்டன்-ராப்சன் முறை வரும் பக்கத்தில், x³ − 2x − 5 = 0 என்ற சமன்பாட்டை அடிக்கடி பார்க்கலாம். இது நியூட்டனே 1669-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணம். அவர் தொடுகோடு எதுவும் வரையவில்லை. விடையின் அடுத்தடுத்த இலக்கங்களைச் சமன்பாட்டிலேயே பிரதியிட்டுக் கண்டுபிடித்தார். ஜோசப் ராப்சன் 1690-இல் அந்தக் கணக்கைச் சுருக்கித் தந்தார்.

இந்தச் சமன்பாட்டின் மூலம் எங்கே இருக்கிறது? இடப்பக்கத்தை f என்போம். x = 2 என்றால் f = −1; x = 3 என்றால் f = 16. குறி மாறுவதால் இடையில் எங்கோ வளைகோடு x அச்சை வெட்டுகிறது. 2 பக்கம்தான் பூஜ்யத்துக்கு நெருக்கம், அங்கிருந்தே தொடங்கலாம்.

வளைகோட்டை நேரடியாகப் பின்தொடர்வது கடினம். அதனால் x = 2 உள்ள இடத்தில் ஒரு தொடுகோடு வரைந்து, அது அச்சை எங்கே தொடுகிறது என்று பார்க்கிறோம். அதன் சாய்வைத் தருவது வகைக்கெழுவான 3x² − 2. இரண்டில் அது 10. f-ஐச் சாய்வால் வகுத்து, இருக்கும் மதிப்பிலிருந்து கழித்தால் புதிய மதிப்பு கிடைக்கும்: 2 − (−1/10) = 2.1.

அதே வேலையை 2.1-இல் செய்வோம். f = 0.061, சாய்வு 11.23. வகுத்தால் 0.00543, புதிய மதிப்பு 2.094568. இன்னொரு முறை செய்தால் 2.09455148. உண்மையான மூலமும் இத்தனை இலக்கம்வரை அதேதான். முதல் தாவலில் பிழை சுமார் 0.005, இரண்டாவதில் சுமார் 0.000017. மூலத்தை நெருங்கியபின் ஒவ்வொரு தாவலிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இந்த வேகத்துக்காகத்தான் இந்த முறையை விரும்புகிறார்கள்.

ஆனால் தொடக்கம் தவறினால் கதை வேறு. 1-இல் தொடங்கினால் சாய்வு வெறும் 1. தொடுகோடு நம்மை 7-க்குத் தூக்கி எறியும். அங்கிருந்து மெல்ல இறங்கி வந்துவிடலாம், வீண் அலைச்சல் மட்டுமே. 0-இல் தொடங்கினால் தொல்லை பெரிது: −2.5, −1.567, −0.503, −3.82 என்று மதிப்புகள் இங்கும் அங்கும் குதிக்கின்றன. x = −0.816 அருகே வளைகோடு மேலேறி, அச்சை எட்டாமலே திரும்பி இறங்குகிறது. உச்சியில் சாய்வு பூஜ்யம் என்பதால், அதை ஒட்டி விழும் தொடுகோடு கிட்டத்தட்ட படுத்திருக்கும்; அச்சை வெகுதூரத்தில்தான் தொடும்.

கணக்குப் போடும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். நல்ல தொடக்கமாக இருந்தால் அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசம் சட்டென்று சிறுத்துவிடும்: மேலே 0.1, பிறகு 0.005. சில தாவல்களுக்குப் பிறகும் அது சிறுக்கவில்லை என்றால், மேலும் தாவாமல் குறி மாறும் இடைவெளிக்குப் போய் வேறு தொடக்கத்தை எடுக்க வேண்டும்.