குளியலறைச் சுவர்: பெரிய டைல்ஸா, சின்ன டைல்ஸா?

5 அடி அகலம், 7 அடி உயரமுள்ள ஒரு சுவர். பரப்பு 35 சதுர அடி. 2க்கு 4 அடி டைல்ஸை நிற்கவைத்து ஒட்டினால் 5 டைல்ஸ், அதாவது 40 சதுர அடி போதும். ஒரு டைலை நெடுக்கில் இரண்டாக வெட்டினால் ஓரத்து 1 அடி இடைவெளி மேலும் கீழும் நிரம்பிவிடும்.

அதையே படுக்கைவாட்டில் வைத்து, மார்பிள் கோடுகள் தொடர வேண்டும் என்பதால் வெட்டிய துண்டுகளை ஒதுக்கினால் 8 டைல்ஸ் தேவைப்படும். 29 சதுர அடி வீண்.

1க்கு 1½ அடி டைல்ஸை நிற்கவைத்தால் 25 போதும். வீணாவது இரண்டரை சதுர அடிதான். ஆனால் அழுக்குச் சேரும் இணைப்புக் கோடுகள் அதிகம்.

தரையின் கணக்கு வேறு. தண்ணீர் வடிகாலுக்கு ஓட நான்கு பக்கமும் வாட்டம் வேண்டும். பெரிய டைல் வளையாது. மூலைவாட்டில் வெட்ட வேண்டும். சின்ன டைல் வாட்டத்தோடு இறங்கும், நெருக்கமான இணைப்புகள் காலுக்குப் பிடிமானமும் தரும். ஆனாலும் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். சுவருக்கான பளபள டைல், சின்னதானாலும் சோப்புத் தண்ணீரில் வழுக்கும். வாங்குமுன் கடையிலேயே ஒரு டைலை நனைத்து, வெறுங்காலால் தேய்த்துப் பார்க்கலாம்.