வெளிச்சம் பட்டால் அடங்கும் செல்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக் ஹெக்ட், சைமன் ஷ்லேர், மாரிஸ் பிரென் என்ற மூன்று பேர் அரை மணி நேரத்துக்கும் மேல் கும்மிருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கினார்கள். பிறகு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மினுக்கிய மிக மங்கலான பச்சை ஒளியைப் பார்த்து, "தெரிந்தது", "தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ந்தவர்களும் ஆராயப்பட்டவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். 1942இல் வெளியான அந்தக் கணக்கின்படி, ஒளி தெரிந்ததென்று சொல்ல, விழித்திரை 5 முதல் 14 ஒளித்துகள்களை உள்வாங்கினாலே போதும். ஒளித்துகள் என்பது ஃபோட்டான், ஒளியின் மிகச் சிறிய சில்லறை. அதற்குக் கீழே ஒளியை உடைக்க முடியாது.

அந்த மினுக்கல் விழுந்த இடத்தில் ஏறக்குறைய 500 கோல் செல்கள் இருந்தன. ஐந்நூறு பேர் இருக்கும் கொட்டகையில் ஏழெட்டு மழைத்துளி விழுந்தால் இரண்டு துளி ஒரே தலையில் விழுவது அபூர்வம். ஆகவே ஒவ்வொரு கோல் செல்லும் ஒரே ஒரு ஃபோட்டானுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். ஒரு ஃபோட்டானின் ஆற்றலோ ஒன்றுமில்லாத அளவு. அதை வைத்துக்கொண்டு ஒரு முழு செல் எப்படி மின்சைகை எழுப்புகிறது என்ற கேள்விக்கு விடை முழுதாகக் கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தாமதத்துக்கு ஒரு காரணம், எல்லோரும் விடையை எதிர்த்திசையில் எதிர்பார்த்ததுதான். காதில் ஒலி விழுந்தால் அங்குள்ள செல் கிளர்ந்தெழும். தோலில் ஊசி குத்தினாலும் அப்படியே. கண்ணும் வெளிச்சம் பட்டதும் கிளர்ந்தெழும் என்று நினைப்பது இயல்பு. 1960களில் டோக்கியோவில் சுனேயோ டொமிட்டா கெண்டை மீனின் விழித்திரையை எடுத்து, மிக நுண்ணிய கண்ணாடி மின்முனையை ஒற்றைச் செல்லுக்குள் இறக்கினார். செல் அவ்வளவு சிறியது என்பதால் முனை சுலபமாக உள்ளே போகாது. அதற்காக விழித்திரையையே முனையை நோக்கிச் சட்டென்று உலுக்கும் கருவி ஒன்றைச் செய்துவைத்திருந்தார். வெளிச்சம் பட்டபோது செல்லின் மின்னழுத்தம் ஏறவில்லை, இறங்கியது. முதுகெலும்புள்ள பிராணிகளின் கண் செல் வெளிச்சத்தில் கிளர்வதில்லை, அடங்குகிறது.

அப்படியானால் கிளர்ச்சி இருட்டில்தான். 1970இல் வில்லியம் ஹேகின்ஸும் சகாக்களும் அதை அளந்து காட்டினார்கள். இருட்டில் கோல் செல்லின் வெளிநுனி வழியாக ஒரு மின்னோட்டம் இடைவிடாமல் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கிறது. இதற்கு இருள் மின்னோட்டம் என்று பெயர். செல்லின் வெளிச்சவ்வில் நுண்ணிய வழிகள் இருக்கின்றன. அவற்றை மதகுகள் என்றே வைத்துக்கொள்வோம். இருட்டில் அவற்றில் ஒரு பகுதி திறந்திருக்கும்; சோடியமும் கொஞ்சம் கால்சியமும் உள்ளே வரும். செல்லின் அடிப்பகுதி அந்தச் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் செல்லின் மின்னழுத்தம் சுமார் மைனஸ் 40 மில்லிவோல்ட். அது மறுமுனையிலிருந்து குளூட்டமேட் என்ற ரசாயனத்தை அடுத்த நரம்பு செல்லின்மீது கசியவிட்டுக்கொண்டே இருக்கும். பலத்த வெளிச்சத்தில் மதகுகள் எல்லாம் சாத்திக்கொள்ள, அழுத்தம் மைனஸ் 70 வரை இறங்கும், குளூட்டமேட் நிற்கும். அடுத்த செல்லுக்கு அந்த நிறுத்தமே செய்தி. விழித்திரை இருட்டில்தான் அதிக ஆக்சிஜன் செலவழிக்கிறது என்பது இதிலிருந்து புரியும். நாம் கண்ணை மூடி ஓய்வெடுப்பதாக நினைக்கும் நேரத்தில்தான் அங்கே இறைப்பு மும்முரமாக நடக்கிறது.

சரி, மதகை யார் சாத்துவது? இங்கே ஒரு சிக்கல் உண்டு. கோல் செல்லின் வெளிநுனிக்குள் ஆயிரம் வரை தட்டுகள், இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் என்ற புரதம் இந்தத் தட்டுகளில் இருக்கிறது. ஒரு செல்லில் சுமார் பத்துக் கோடி ரோடாப்சின். மதகுகளோ வெளிச்சவ்வில். தட்டுகளுக்கும் வெளிச்சவ்வுக்கும் ஒட்டே கிடையாது, நடுவில் இருப்பது செல்லின் நீர்மம் மட்டும். எனவே ஒளி பட்ட சேதியைத் தட்டிலிருந்து மதகுக்கு நீர்மத்தின் வழியே கொண்டுபோக ஒரு தூதுவன் வேண்டும்.

அந்தத் தூதுவன் கால்சியம் என்றார் ஹேகின்ஸ். தட்டுகளுக்குள் கால்சியம் சேர்ந்திருக்கிறது, வெளிச்சம் பட்டதும் வெளியேறி மதகுகளை அடைக்கிறது என்பது அவர் கருத்து. இன்னொரு கூட்டம் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறைக் காட்டியது. வெளிச்சத்தில் அதன் அளவு குறைவதை அவர்கள் கண்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கும் மேல் இழுத்த வழக்கு இது.

தீர்ப்பு 1985இல் மாஸ்கோவுக்குத் தெற்கே புஷ்சினோ என்ற ஊரிலிருந்து வந்தது. ஃபெசென்கோ, கோலெஸ்னிகோவ், லியுபார்ஸ்கி என்ற மூவர் தவளையின் கோல் செல்லிலிருந்து வெளிச்சவ்வின் ஒரு துணுக்கை மட்டும் கண்ணாடிக் குழாய் முனையால் கிள்ளி எடுத்தார்கள். செல்லின் உட்பக்கமாக இருந்த முகம் இப்போது வெளியே தெரியும்படி இருந்தது. அதன்மேல் சைக்ளிக் ஜி.எம்.பி. கரைசலை விட்டதும் மதகுகள் திறந்தன. கழுவியதும் மூடின. கால்சியத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள், மதகுகள் அதற்கு மசியவில்லை. செல்லின் மற்ற பாகங்கள் எதுவும் அந்தத் துணுக்கில் இல்லை என்பதுதான் சோதனையின் பலம். சைக்ளிக் ஜி.எம்.பி. இடைத்தரகர் யாருமின்றித் தானே வந்து மதகில் ஒட்டித் திறக்கிறது. இருட்டில் அது ஒட்டியிருப்பதால்தான் மதகு திறந்திருக்கிறது. வெளிச்சம் செய்வது, அதைக் குறைப்பது.

இப்போது ஒரு ஃபோட்டானோடு கூடவே போய்ப் பார்க்கலாம். ரோடாப்சினின் நடுவில் ரெட்டினால் என்ற துண்டு இருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. அது போதாமல் போனால் மாலைக்கண் வருவது இதனால்தான். இருட்டில் ரெட்டினால் வளைந்து கிடக்கும். ஃபோட்டான் பட்டதும் நிமிரும். ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இந்த ஒரு நிமிர்வு மட்டுமே, மீதியெல்லாம் ரசாயனம். நிமிர்ந்த ரெட்டினால் தன்னைச் சுற்றியுள்ள புரதத்தை உருமாற்ற, விழித்துக்கொண்ட ரோடாப்சின் தட்டின்மேல் நகர்ந்துகொண்டே டிரான்ஸ்டியூசின் என்ற புரதத்தை ஒவ்வொன்றாக முடுக்குகிறது. ஒன்று பலவாகும் முதல் இடம் இது. முடுக்கப்பட்ட டிரான்ஸ்டியூசின் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியின் கட்டை அவிழ்க்கிறது. அந்த நொதி சைக்ளிக் ஜி.எம்.பி.யை வெட்டித் தள்ளும் கத்தி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் வெட்டும். வெட்டுப்பட்டது வெறும் ஜி.எம்.பி., அதற்கு மதகைத் திறக்கத் தெரியாது.

மூன்றாவது பெருக்கம் மதகிலேயே இருக்கிறது. அது நன்றாகத் திறக்க ஒரு சைக்ளிக் ஜி.எம்.பி. போதாது, மூன்றாவது சேர்ந்து ஒட்டவேண்டும். எனவே திறந்த மதகுகளின் எண்ணிக்கை தூதுவனின் அளவோடு நேராக இறங்காமல், ஏறக்குறைய அதன் மும்மடிப் பெருக்கமாக இறங்குகிறது. அளவு நூறிலிருந்து 90 ஆனால், 0.9ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.73 வரும். பத்து சதவீதம் குறைந்ததற்கு 27 சதவீத மதகுகள் மூடிக்கொள்கின்றன.

டெனிஸ் பெய்லர், ட்ரெவர் லாம்ப், கிங்-வாய் யாவ் மூவரும் 1979இல் தேரையின் ஒற்றைக் கோல் செல்லைக் கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி வைத்து இதை நேரில் அளந்தார்கள். இருள் மின்னோட்டம் 20 பிக்கோஆம்பியர் அளவில் இருந்தது. ஒரு ஃபோட்டான் அதில் சுமார் ஒன்றைக் குறைத்தது. மங்கலான மினுக்கலை மறுபடி மறுபடி கொடுத்தபோது சில சமயம் பதிலே இல்லை, சில சமயம் ஒரு படி, சில சமயம் இரண்டு படி. அரைப் படி வரவே இல்லை. ஹெக்ட் குழு கணக்குப் போட்டுச் சொன்னது கண்ணெதிரே காகிதத்தில் கோடாக வந்தது.

இருட்டில் ஒளியே இல்லாமலும் இந்தப் படி எப்போதாவது தானாக வரும். உடம்பின் வெப்பமே ஒரு ரெட்டினாலைத் தவறுதலாக நிமிர்த்திவிடுவதுண்டு. குரங்கின் கோல் செல்லில் இப்படி ஏறக்குறைய 160 நொடிக்கு ஒரு முறை நடக்கிறது. கேட்க அடிக்கடி போலத் தோன்றும். செல்லில் பத்துக் கோடி ரோடாப்சின் இருப்பதை நினைத்தால், ஒரு தனி மூலக்கூறு தானாகத் தவற சராசரியாகப் பல நூறு வருடம் காத்திருக்கவேண்டும். நாம் பார்க்கக்கூடிய மங்கலுக்கு எல்லை போடுவதில் இந்தப் பொய்ச்சேதிகளுக்கும் பங்குண்டு.

கொளுத்துவதைவிட அணைப்பதுதான் நுட்பமான வேலை. விழித்த ரோடாப்சின் சும்மா இருந்தால் டிரான்ஸ்டியூசினை முடுக்கிக்கொண்டே போகும், மதகுகள் திறக்கவே திறக்காது. அதனால் ஒரு நொதி அதன் வாலில் பாஸ்பேட்டுகளை ஒட்டி அடையாளம் வைக்கிறது. அடையாளத்தைக் கண்டதும் அரெஸ்டின் என்ற புரதம் வந்து மூடிபோல் உட்கார்ந்துவிடுகிறது. வழக்கில் தோற்ற கால்சியமும் இங்கே வேலைக்கு வருகிறது. மதகு மூடியதும் கால்சியம் உள்ளே வருவது நிற்கும், வெளியேறுவது நிற்காது. ஆகவே செல்லுக்குள் அது குறையும். ஹேகின்ஸ் சொன்னதற்கு நேர் எதிர். அந்தக் குறைவு சைக்ளிக் ஜி.எம்.பி.யைத் தயாரிக்கும் நொதியைத் தட்டி எழுப்பும். தூதுவன் மறுபடி சேர, மதகுகள் திறக்க, செல் அடுத்த ஃபோட்டானுக்குத் தயார்.

இடையில் ஒரு வேடிக்கை. வயாகரா மாத்திரை தடுப்பது உடம்பில் வேறோர் இடத்தில் இருக்கும், இதே வகையைச் சேர்ந்த நொதியை. கண்ணில் இருக்கும் தம்பியையும் அது லேசாகத் தடுக்கும். சிலருக்கு மாத்திரை போட்ட சில மணி நேரம் உலகம் நீலம் பாய்ந்து தெரிவது அதனால்தான்.

அணைக்கும் வேலை கெட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானில் கண்ட ஒரு நோய் காட்டுகிறது. 1907இல் சூத்தா ஒகுச்சி என்ற கண் மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு. பிறவியிலேயே வரும். பகல் பார்வை பெரும்பாலும் நன்றாக இருக்கும், இரவில் தெரியாது. வைட்டமின் கொடுத்தாலும் மாறாது. 1995இல் காரணம் தெரிந்தது: பல நோயாளிகளிடம் அரெஸ்டினுக்கான மரபணு கெட்டிருந்தது. வேறு சிலரிடம் பாஸ்பேட் ஒட்டும் நொதியின் மரபணு. மூடி இல்லாததால் பகல் வெளிச்சத்தில் விழித்த ரோடாப்சின்கள் இருட்டுக்கு வந்த பிறகும் வேலையை நிறுத்துவதில்லை. செல்லைப் பொறுத்தவரை இன்னும் பகல்தான். மதகுகள் மூடியபடியே கிடக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று மணி நேரம், சிலருக்கு இன்னும் அதிகமாக, இருட்டிலேயே இருந்தால் இவர்களின் இரவுப் பார்வை திரும்பிவிடுகிறது. அப்போது கண்ணுக்கு முன் ஒரே ஒரு பளிச்சிடல் போதும், மறுபடி எல்லாம் போய்விடும்.

நோயைக் கண்டுபிடிப்பதும் இந்த வழியில்தான். மருத்துவர் கண்ணுக்குள் பார்த்தால் விழித்திரை பொன்னும் சாம்பலும் கலந்த பளபளப்போடு தெரியும். நோயாளியின் கண்ணைச் சில மணி நேரம் கட்டிவைத்துவிட்டு மறுபடி பார்த்தால் பளபளப்பு போய் சாதாரணச் செந்நிறம் வந்திருக்கும். அதை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்ப்பதற்காக மருத்துவர் காட்டிய வெளிச்சத்திலேயே பொன்னிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கிவிடும்.